சீன அறை: விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் கதை முடிந்ததா?

தேடல் | ஜூன் 3, இரவு 9:14

சீனம் தெரியாத ஒருவன் ஒரு அறைக்குள் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் சீனக் கேள்விகளுக்கு விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே சீனத்தில் பதில் எழுதித் தள்ளுகிறான். வெளியே இருப்பவர்களுக்கு அவன் சீனம் தெரிந்தவன், அவனுக்கோ ஒன்றும் புரியவில்லை. நிரலை ஓட்டும் கணினியும் இப்படித்தான் என்பது மெய்யியலாளர் ஜான் செர்லின் சீன அறை வாதம். அதை எடுத்தாலே முதலில் வந்து நிற்கும் பதில் இதுதான்: "உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சீனம் புரியாவிட்டால் போகட்டும். ஆள், விதிப்புத்தகம், எழுதித் தள்ளும் தாள்கள் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்புக்குப் புரிகிறது."

இதற்குச் செர்ல் அப்போதே பதில் சொல்லிவிட்டார். அந்த ஆள் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்யட்டும். தாளில் போடும் கணக்கையும் மனசுக்குள்ளேயே போடட்டும். அறையை விட்டு வெளியே வந்து திறந்த வெளியில் நிற்கட்டும். இப்போது அமைப்பு என்று அவனுக்கு வெளியே எதுவுமே இல்லை. ஆனாலும் அவனுக்குச் சீனம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அப்புறம் யாருக்குப் புரிகிறது?

எனக்கு இதோடு அமைப்புப் பதில் அடிபட்டுப் போனதாகத்தான் தோன்றுகிறது. 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறார்கள்?

---

பைட் | ஜூன் 3, இரவு 9:40

இதுல என்ன இவ்வளவு சுத்தி வளைப்பு? செர்ல் சொன்னது "மெஷின் ஒருநாளும் யோசிக்காது", அவ்வளவுதான். உள்ள இருக்கிறது ஒரு பெரிய கேள்வி-பதில் பட்டியல். இந்தக் கேள்வி வந்தா இந்தப் பதிலைக் கொடு. பட்டியலுக்கு எப்படிப் புரியும்? புரியாது. முடிஞ்சுது.

---

ஓலை | ஜூன் 3, இரவு 11:05

பைட், ரெண்டுமே அப்படி இல்லை.

முதல் விஷயம். மூளையே ஒரு இயந்திரம்தான், அது யோசிக்கிறதே என்பார் செர்ல். 1980 கட்டுரையில் அவர் மறுப்பது வேறொன்றை: சரியான நிரலை ஓட்டினாலே, அது எதன்மேல் ஓடினாலும், புரிதல் வந்துவிடும் என்ற கூற்றை. மூளைக்கு இருக்கும், புரிதலை உண்டாக்கும் காரண ஆற்றல் இன்னொரு பொருளுக்கும் இருந்தால் அதுவும் புரிந்துகொள்ளும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நிரல் மட்டும் போதாது என்பதுதான் சண்டை.

ரெண்டாவது, பட்டியல். உள்ளே இருப்பது பட்டியலாக இருக்க வழியே இல்லை, கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 3000 சீன எழுத்துகள், ஒரு கேள்வி 20 எழுத்து நீளம் என்று வையுங்கள். எழுதக்கூடிய வரிசைகள் 3000²⁰, அதாவது சுமார் 3.5 × 10⁶⁹. பெரும்பாலானவை பொருளற்ற குப்பைதான், கழித்துவிடலாம். ஆனால் பேச்சு என்பது ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. ஐந்தாவது கேள்விக்கான பதில் முதல் நான்கையும் பொறுத்தது. அதனால் பட்டியலில் இருக்க வேண்டியவை தனிக் கேள்விகள் அல்ல, முழு உரையாடல்கள். பூமியில் உள்ள மொத்த அணுக்களே சுமார் 10⁵⁰ தான். ஆக எவ்வளவு கழித்தாலும் அது புத்தகத்துக்குள் அடங்காது.

அப்படி ஒரு பட்டியல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நெட் பிளாக் 1981ல் ஒரு தனி வாதம் கட்டினார். மனிதன் மாதிரியே பேசும், ஆனால் உள்ளே வெறும் தேடல்தான் நடக்கும் என்பது அவருடைய இயந்திரம். அது நடத்தையை மட்டும் வைத்து அறிவை அளப்பவர்களுக்கு எதிரானது. செர்லின் அறை அது இல்லை. செர்லின் புத்தகத்தில் இருப்பவை விதிகள்: வந்த குறிகளைப் பிரி, இடைநிலைக் குறிப்பு எழுது, பழைய குறிப்போடு ஒப்பிடு, மாற்று, திரும்ப எழுது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் அமைப்புப் பதில் என்ன சொல்கிறது என்பதே பிடிபடாது. பட்டியலுக்குள் எதுவும் நடப்பதில்லை, விதிகளுக்குள் ஏதோ நடக்கிறது.

---

வினா | ஜூன் 4, காலை 7:22

இப்போது வரும் அரட்டை நிரல்கள் அடிக்கடி தப்புத் தப்பாகச் சொல்கின்றனவே. இல்லாத ஊரை இருக்கு என்கிறது, கூட்டல் தப்பாகப் போடுகிறது. இதுவே செர்ல் சொன்னது சரி என்பதற்கு ஆதாரம் இல்லையா?

---

ஓலை | ஜூன் 4, காலை 8:10

இல்லை. அறையிலிருந்து வரும் பதில்கள் சீனரே எழுதியவை போலக் குறையில்லாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வாதமே தொடங்குகிறது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் புரிதல் இல்லை என்பது வாதம். தப்பாகச் சொல்வது நிரல் மோசம் என்பதற்குத்தான் ஆதாரம். மனிதர்களும் கூட்டலில் தப்புப் போடுகிறோம், அதை வைத்து நமக்கு எண் புரியாது என்று யாரும் சொல்வதில்லை.

---

ஓலை | ஜூன் 4, இரவு 10:31

தேடலின் கேள்விக்கு வருகிறேன். மனப்பாடம் வரை போவதற்கு முன்னால், அந்த ஆள் உண்மையில் எதைப் பார்க்கிறான் என்பதை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

செர்ல் குறிவைத்தது ரோஜர் ஷாங்க்கும் ராபர்ட் ஏபெல்சனும் யேலில் செய்துவந்த வேலையை. கதையைப் படித்து, கதையில் சொல்லாத விஷயத்துக்கும் பதில் சொல்லும் நிரல்கள் அவை. செர்லின் எடுத்துக்காட்டு: ஒருவன் உணவகத்துக்குப் போய் ஹாம்பர்கர் கேட்கிறான். வந்தது கருகிப்போயிருக்கிறது. பணம் கொடுக்காமல் கோபமாக வெளியேறுகிறான். கேள்வி: அவன் ஹாம்பர்கரைச் சாப்பிட்டானா? சாப்பிடவில்லை என்று நாம் சொல்லிவிடுவோம், கதையில் அது இல்லாவிட்டாலும்.

ஷாங்க்கின் முறையில் உணவகத்துக்கு என்று ஒரு நடைமுறை வரைவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்: நுழைவது, கேட்பது, உண்பது, பணம் கொடுப்பது, வெளியேறுவது. கதை வாக்கியங்களை வரைவின் படிகளோடு பொருத்துவார்கள். சொல்லாமல் விட்ட படி வழக்கம்போல நடந்ததாக நிரல் எடுத்துக்கொள்ளும். ஒரு படி முறிந்தால், அதாவது பணம் கொடுக்கவில்லை என்று வந்தால், அதற்கு முந்திய படியும் நடக்கவில்லை என்று கொள்ள விதி இருக்கும். அறைக்குள் இருப்பவன் கைக்கு இதெல்லாம் எப்படி வந்து சேரும் என்றால், ஏறத்தாழ இப்படி:

```
K17 R04 K22   ->  S3
S3  K31 V08   ->  S7
S7  R11 !P02  ->  X1
X1  + Q09     ->  A2
```

ஆள் நுழைந்தான், உணவு கருகியது, பணம் இல்லாமல் வெளியேறினான், சாப்பிட்டானா, இல்லை. இவ்வளவும் இந்த நாலு வரியில் இருக்கிறது. இருக்கிறதா? இதில் V08 என்பது கருகல் என்று நான் சொன்னதால்தான் உங்களுக்குத் தெரியும். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ட்ரூ மெக்டெர்மட் 1976லேயே, அதாவது செர்லுக்கு முன்னாலேயே, நிரலாளர்களைப் பார்த்து இதைச் சொன்னார். நிரலுக்குள் UNDERSTAND என்று ஒரு செயற்கூறுக்குப் பெயர் வைத்துவிட்டு, அது புரிந்துகொள்கிறது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். G0034 என்று பெயர் வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பிறகு உங்களையோ பிறரையோ நம்பவைக்க முடிகிறதா பாருங்கள் என்றார். அவர் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குள்ளேயே இருந்தவர், துறையின் எதிரி அல்ல. என்னைக் கேட்டால் ஷாங்க்கின் நிரல்களுக்கு எதிராக இந்த ஒரு சோதனையே போதும், சீன அறைகூட வேண்டாம். வரைவுக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கருகிய ஹாம்பர்கர் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? அந்தக் கதைக்கான விதிகளில் இதற்கு ஒன்றுமே இல்லை. V08க்கு ஒரே விதியில்தான் வேலை, கருகலுக்கு நம்மிடம் ஆயிரம் வேலை.

---

குறுக்கெழுத்து | ஜூன் 4, இரவு 11:48

நான் கம்பைலர் எழுதும் ஆள், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. மாறிகளுக்கு நீங்கள் total என்று பெயர் வைத்தாலும் x1 என்று வைத்தாலும் கம்பைலருக்கு ஒன்றுதான், பெயர்கள் அட்டவணையில் ஒரு எண்ணாகப் போய்விடும். ஆனாலும் எண்ணையும் சரத்தையும் கூட்டினால் பிடித்துவிடும். அப்போது கம்பைலருக்கு எண் என்றால் என்ன என்று புரிகிறதா? எனக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது.

---

கசடற | ஜூன் 5, மாலை 6:02

ஓலை சொன்ன "V08க்கு ஒரே விதியில்தான் வேலை" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். குறுக்கெழுத்தின் தடுமாற்றத்துக்கும் விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது மனப்பாட வாதம். தேடல் சொன்னதை வரிசையாக எழுதினால் இப்படி வரும்: (1) அமைப்பு முழுவதும் இப்போது அந்த ஆளுக்குள் இருக்கிறது. (2) அந்த ஆளுக்குச் சீனம் புரியவில்லை. (3) ஆகவே அமைப்புக்கும் புரியவில்லை.

1லிருந்தும் 2லிருந்தும் 3 வராது. வர வேண்டுமானால் இன்னொரு முற்கோள் வேண்டும்: ஒருவனுக்கு ஒன்று முடியாது என்றால் அவனுக்குள் இருக்கும் எந்தப் பகுதிக்கும் அது முடியாது. ஜாக் கோப்லண்ட் எடுத்துக்காட்டியது இந்த ஓட்டையைத்தான். அந்த முற்கோளை யாரும் நிறுவவில்லை, செர்லும் நிறுவவில்லை. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுவதை நான் உணர்வதில்லை, எப்படி என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. அது வடிகட்டாமல் விடுகிறதா?

கணினியில் இதற்குச் சரியான இணை இருக்கிறது. ஒரு இயந்திரத்தின்மேல் இன்னொரு இயந்திரம் போலவே இயங்கிக்காட்டும் நிரலான எமுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு என்று தனிக் கோப்புகள், தனி நினைவக முகவரிகள். வெளி இயந்திரத்தின் தேடலில் உள்ளே இருக்கும் கோப்பின் பெயரைத் தட்டினால் வராது. அது வட்டில் ஒரே பெரிய கோப்பாக மூடிக் கிடக்கும். ஒவ்வொரு பிட்டும் வெளி இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் "வெளி இயந்திரத்துக்கு அந்தக் கோப்பு தெரியாது, எனவே அது எங்குமே இல்லை" என்றால் ஒத்துக்கொள்வீர்களா? மனப்பாடம் செய்தவனின் தலையில் நடப்பது அதுதான். விதிகளை ஓட்டுபவன் அவன், ஓடுவது வேறு. டேவிட் கோல் போன்றவர்கள் இதை மெய்நிகர் மனம் என்ற பெயரில் வாதிட்டார்கள்.

---

தேடல் | ஜூன் 5, இரவு 8:15

அப்படியானால் ஒரே தலைக்குள் இரண்டு பேர் என்கிறீர்கள். ஒருவர் நம் ஆள், இன்னொருவர் சீனம் தெரிந்தவர். மன்னிக்கணும், ஆனால் வாதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு ஆளையே உண்டாக்குவது மாதிரி இருக்கிறது.

எமுலேட்டர் உவமையிலும் ஒரு உறுத்தல். உள்ளே கோப்பு இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்வது, உள் இயந்திரத்தின் திரையைத் திறந்து பார்க்க முடிவதால். புரிதலைத் திறந்து பார்க்க எந்தத் திரை?

---

கசடற | ஜூன் 5, இரவு 10:50

நல்ல உறுத்தல். செர்லே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். அவனுக்குள் இரண்டு துணை அமைப்புகள் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, ஆங்கிலத் துணை அமைப்புக்கு ஹாம்பர்கர் என்றால் ஹாம்பர்கரைச் சுட்டும் என்று தெரியும், சீனத் துணை அமைப்புக்கு இந்தக் கிறுக்கலுக்குப் பின் அந்தக் கிறுக்கல் என்பது மட்டும்தான் தெரியும் என்கிறார். இதை ஒப்புக்கொண்டால் வயிறும் ஈரலும்கூட தகவலைக் கையாள்கின்றன, அவற்றுக்கும் புரிகிறது என்று சொல்ல வேண்டிவரும் என்று கிண்டலும் செய்வார்.

அதைச் சோதிக்க ஒரு சூழல். மனப்பாடம் செய்தவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடம் சீனத்தில் ஒரு சீட்டைத் தருகிறோம்: "உன் தட்டில் நஞ்சு இருக்கிறது." அவன் இடது கையால் தொடர்ந்து சாப்பிடுகிறான். வலது கை, விதிப்படி, சீனத்தில் பதில் எழுதுகிறது: "ஐயோ, நன்றி, இனி ஒரு கவளமும் தொடமாட்டேன்." கவளம் வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

முதல் பார்வைக்கு இது செர்லுக்குச் சாதகம். நஞ்சு என்றால் என்ன என்று புரிந்திருந்தால் கை நின்றிருக்குமே! ஆனால் கொஞ்சம் பொறுங்கள். சீனப் பகுதிக்கு அந்த இடது கையோடு இணைப்பே இல்லை. எங்கோ தொலைவில் தொலைபேசியில் இருப்பவரிடம் அதே செய்தியைச் சொன்னால் அவரும் "சாப்பிடாதே" என்பார், உங்கள் கையை நிறுத்த அவராலும் முடியாது. அதற்காக அவருக்கு நஞ்சு புரியவில்லை என்று சொல்ல மாட்டோம். ஆகக் கை நிற்காதது, இணைப்பு இல்லை என்பதற்கு மட்டுமே ஆதாரம், புரிதல் இல்லை என்பதற்கு அல்ல.

இதற்கு மேல் என்னால் முழுவதாகப் போக முடியவில்லை. தொலைபேசியில் இருப்பவருக்குத் தன் தட்டு, தன் கை என்று எங்கோ இருக்கிறது. சீனப் பகுதிக்கு எங்குமே இல்லை. ஒரு கையும் இல்லாமல், ஒருநாளும் இருந்ததும் இல்லாமல், நஞ்சு புரியுமா என்பது வேறு கேள்வி. அமைப்புப் பதில் மட்டும் அதைத் தாங்காது.

---

பைட் | ஜூன் 6, காலை 9:03

அதுக்குத்தான் ரோபோ பதில் இருக்கே. கேமரா, கை, கால் வெச்சுட்டா முடிஞ்சுது.

---

ஓலை | ஜூன் 6, மதியம் 1:27

முடியவில்லை. செர்லின் மறுமொழி சின்னது: கேமராவிலிருந்து அறைக்குள் வருவதும் எண்கள்தான், கைக்குப் போவதும் எண்கள்தான். உள்ளே இருப்பவனுக்கு எது கேமராவிலிருந்து வந்தது, எது சீட்டிலிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. இன்னொரு குவியல் குறி, அவ்வளவே.

இதில் எனக்குச் செர்லோடு உடன்பாடு இல்லை. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கசடற காட்டிய அதே ஓட்டையில் மறுபடி விழுவதுதான். கேள்வி அவனைப் பற்றியது அல்ல. ஜெர்ரி ஃபோடர், செர்லின் கட்டுரை வந்த அதே இதழில் எழுதிய கருத்துரையில், குறிக்கும் உலகுக்கும் இடையே சரியான வகைக் காரணத் தொடர்பு இருப்பதுதான் முக்கியம், செர்ல் அமைத்த தொடர்பு சரியான வகை அல்ல என்றார். சரியான வகை எது என்று அவரும் முழுதாகச் சொல்லிவிடவில்லை. ஃபோடர் ரோபோ பதிலின் பக்கம் சாய்ந்தவர், ஆனால் அமைப்புப் பதிலை அவரும் ஏற்கவில்லை. இங்கே இரண்டே கட்சிதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

1990ல் ஸ்டீவன் ஹார்னாட் இதைத்தான் குறிகளுக்கு நிலம் கொடுக்கும் சிக்கல் என்று எழுதினார். சீனம்-சீனம் அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சீனத்தையே முதல் மொழியாகக் கற்பதை நினைத்துப்பாருங்கள். ஒவ்வொரு குறியும் இன்னொரு குறிக்கே அனுப்பும். அகராதியை விட்டு வெளியேறும் கதவு எங்கோ ஒரு சில சொற்களுக்காவது இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம், அடித்தளச் சொற்களுக்குப் போதும். வரிக்குதிரையைப் பார்த்தே இராதவனுக்கும், குதிரையும் வரியும் தெரிந்தால், அதைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

---

குறுக்கெழுத்து | ஜூன் 6, மாலை 4:40

அகராதி மட்டும் வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்பதை யாராவது உண்மையில் சோதித்திருக்கிறார்களா? மேசைமேல் நடத்தும் வாதம் இல்லாமல்.

---

ஓலை | ஜூன் 7, இரவு 12:15

அகராதியை வைத்து அல்ல, ஆனால் மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது. ஒத்தெல்லோ விளையாட்டு, எதிரியின் காய்களை இரு முனையிலும் அடைத்துத் தன் நிறத்துக்குப் புரட்டும் பலகை ஆட்டம். கென்னத் லீ குழுவினர் 2022ல் வெளியிட்டார்கள். விரிவாக எழுதுகிறேன், அவசரத்தில் படித்தால் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள வேலை.

மொழி மாதிரிகளில் பயன்படும் அதே வகைச் செயற்கை நரம்பு வலையமைப்பு, ஆனால் சிறியது, 8 அடுக்கு. அதற்குக் கொடுத்தது விளையாட்டுகளின் நகர்வுப் பட்டியல் மட்டும்: f5 d6 c3 என்று. பலகை 8×8 என்று சொல்லவில்லை. கறுப்பு, வெள்ளை, புரட்டுவது, எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் அதற்கு ஒரு வெற்றுக் குறி. நடுவில் உள்ள 4 கட்டங்கள் தொடக்கத்திலேயே நிரம்பியிருப்பதால் மொத்தம் 60 குறிகள். செயற்கையாக உருவாக்கிய சுமார் 2 கோடி ஆட்டங்களில் அடுத்த குறியை ஊகிக்கப் பழக்கினார்கள். பழகிய பின் அது சொல்லும் அடுத்த நகர்வு விதிக்குப் புறம்பாக இருப்பது 0.01 விழுக்காடுதான்.

இதுவரை நடந்தது அறை ஒழுங்காகப் பதில் சொல்வதற்குச் சமம், புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்தது வேறு. வலைக்குள் ஓடும் எண்களைப் படித்து, இந்தக் கட்டத்தில் இப்போது எந்த நிறம் என்று சொல்ல ஒரு சிறு வகைப்படுத்தியைப் பழக்கினார்கள். அது 1.7 விழுக்காடு பிழையோடு சொன்னது. பழக்காத வலையில் அதே வகைப்படுத்திக்கு 26 விழுக்காடு பிழை. ஆக யாரும் சொல்லித்தராத பலகை உள்ளே உருவாகியிருக்கிறது.

அதுவும் போதாது. பலகை உள்ளே எங்கோ இருந்து, யாரும் அதைப் பயன்படுத்தாமலும் இருக்கலாம். அதனால் உள்ளே கைவைத்து ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றி, பதில் மாறுகிறதா என்று பார்த்தார்கள். மேலே சொன்ன f5 d6 c3 நிலையையே எடுத்து, சோதனை எதைக் கேட்கிறது என்று காட்டுகிறேன். மூன்று நகர்வுக்குப் பின் c3, d4, e4, e5, f5 கறுப்பு. d5, d6 வெள்ளை. இப்போது வெள்ளைக்கு நான்கே நகர்வு: d3, f3, f4, g5. உள்ளே d4ஐ மட்டும் வெள்ளையாக மாற்றிவிடுங்கள். உண்மைப் பலகையில் அப்படி மாறினால் d3 செல்லாது, b2வும் f6உம் புதிதாகச் செல்லும். வலையின் பதிலும் அப்படியே மாற வேண்டும், இல்லையென்றால் பலகை வெறும் அலங்காரம். இவ்வகை மாற்றங்களில் வலையின் ஊகங்கள் மாற்றிய பலகையை ஒட்டியே நகர்ந்தன. நடைமுறையில் எட்டவே முடியாத பலகை நிலைகளிலும்கூட.

---

பைட் | ஜூன் 7, காலை 8:30

அப்போ செர்ல் தோத்துட்டார்! குறி மட்டும் வெச்சே பலகை புரிஞ்சிருச்சே.

---

கசடற | ஜூன் 7, காலை 10:12

மூன்றாம் தேதி ஒருநாளும் புரியாது என்றீர்கள், ஏழாம் தேதி புரிந்துவிட்டது என்கிறீர்கள். நடுவில் எங்காவது கொஞ்சம் உட்காருங்கள் பைட்.

ஒத்தெல்லோ சோதனை ஒன்றைத் தெளிவாக உடைக்கிறது: "குறிகளைக் கையாள்வது என்றால் மேலோட்டமான ஒட்டுவேலை" என்ற நினைப்பை. அடுத்த குறியை ஊகிப்பது மட்டுமே வேலையாக இருந்தாலும், அதைச் செய்ய எளிய வழி குறிகளுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பை உள்ளே கட்டுவதாக இருக்கலாம். V08க்கு ஒரே விதி என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இங்கே d4 என்ற கட்டத்தின் நிலை, எட்டுத் திசையிலும் மற்றக் கட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது.

ஆனால் ஒத்தெல்லோவைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. அது முழுக்க முழுக்க அமைப்பு மட்டுமே ஆன விளையாட்டு. கட்டங்களுக்கு இடையே உள்ள உறவுகள் தெரிந்துவிட்டால் விளையாட்டில் தெரிய வேறெதுவும் இல்லை. காய் மரமா, பிளாஸ்டிக்கா, கறுப்பா, சிவப்பா என்பது பொருட்டே அல்ல. ஆகவே அங்கே இலக்கணத்துக்கும் பொருளுக்கும் இடைவெளி கிடையாது. கருகலும் நஞ்சும் அப்படியா? செர்லின் வழியில் நின்றால் சொல்லக்கூடியது இதுவாகத்தான் இருக்கும்: பலகையோடு ஒத்த வடிவம் உள்ளே இருக்கிறது, சரி. அது பலகையைப் பற்றியது என்பது வெளியே நிற்கும் ஆய்வாளருக்குத்தானே தெரியும்? அதே எண்கள் வேறொன்றோடும் ஒத்துப்போகலாமே.

---

ஓலை | ஜூன் 7, இரவு 9:44

"வேறொன்றோடும் ஒத்துப்போகலாம்" என்பதுதான் செர்லின் பிற்கால வாதம். 1992ல் அவர் சுவரை இழுக்கிறார்: போதுமான அளவு பெரிய சுவராக இருந்தால், அதன் மூலக்கூறுகளின் அசைவில் வேர்ட்ஸ்டார் நிரலின் வடிவத்தோடு ஒத்துப்போகும் ஏதோ ஒன்று கிடைக்கும், ஆகக் கணிப்பு என்பதே பார்ப்பவர் கண்ணில்தான். டேவிட் சால்மர்ஸ் இதற்குக் கொடுத்த பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே ஒருமுறை நடந்த அசைவுகளுக்குப் பின்னோக்கிப் பெயர் சூட்டுவது எளிது. ஆனால் "இந்த உள்ளீடு வேறாக இருந்திருந்தால் இந்த நிலை இப்படி மாறியிருக்கும்" என்பது எல்லாக் கிளைக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்டால் சுவர் விழுந்துவிடும். d4ஐ மாற்றிப்பார்க்கும் சோதனை கேட்பதும் அதைத்தான். சுவரில் d4ஐ மாற்ற இடமே இல்லை.

ஆனால் இது "கணிப்பு பார்ப்பவர் கண்ணில்" என்பதைத்தான் தள்ளுகிறது. கசடற கேட்ட "எதைப் பற்றியது" என்பது அப்படியே நிற்கிறது, அதை மறுக்கவில்லை.

---

தேடல் | ஜூன் 8, இரவு 7:55

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனப்பாட வாதம் தன்னளவில் அமைப்புப் பதிலை வீழ்த்தவில்லை என்பது சரி. ஆனால் அதை முதலில் படித்தபோது ஏன் அவ்வளவு உறுதியாகத் தோன்றியது? அந்த ஆளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது என்பது பளிச்சென்று தெரிகிறதே. அந்தப் பளிச்சுக்கு மதிப்பே இல்லையா?

---

குறுக்கெழுத்து | ஜூன் 8, இரவு 9:20

பளிச்சின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 700 கோடி எடைகள், அதாவது உள்ளே பெருக்கப் பயன்படும் எண்கள், உள்ள ஒரு மொழி மாதிரியைக் கையால் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறியை வெளியிட ஒவ்வோர் எடைக்கும் ஏறத்தாழ ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும். ஒரு பெருக்கல்-கூட்டலுக்கு 10 விநாடி, தூக்கம் கிடையாது. 7000 கோடி விநாடி. சுமார் 2200 ஆண்டு. ஒரு குறிக்கு! ஒரு வாக்கியம் முடிய அரை லட்சம் ஆண்டு ஆகும். இவனுடைய இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லும்போது நாம் உண்மையில் கற்பனை செய்வது புத்தகத்தைப் புரட்டும் பத்து நிமிடத்தை.

---

கசடற | ஜூன் 8, இரவு 10:36

1990ல் பால் சர்ச்லாண்டும் பட்ரீஷியா சர்ச்லாண்டும் சொன்னது இதன் உறவினர். ஒளி என்பது மின்காந்த அலை என்றால், இருட்டறையில் காந்தத்தைக் கையால் ஆட்டினால் வெளிச்சம் வர வேண்டும், வரவில்லை, ஆகவே ஒளி மின்காந்த அலை அல்ல என்று ஒருவர் வாதிட்டால்? காந்தத்தை ஆட்டும்போதும் அலை வரத்தான் செய்கிறது. அதிர்வெண் மிக மிகக் குறைவு என்பதால் கண்ணுக்குப் படவில்லை. செர்லின் பதிலும் வலுவானது: ஒளிக்கு இயற்பியல் காரணம் இருக்கிறது, குறிகளுக்குக் குறிகள் என்ற முறையில் காரண ஆற்றலே கிடையாது, ஆக உவமை பொருந்தாது. இங்கே நான் பாதி செர்ல் பக்கம். வேகம் மட்டும் ஒன்றையும் உண்டாக்காது. 2200 ஆண்டை 2 விநாடியாகச் சுருக்கினாலும் நடப்பது அதே பெருக்கல்தான்.

தேடலுக்கு: பளிச்சுக்கு மதிப்பு உண்டு. விதியை ஓட்டுபவனுக்குப் புரியத் தேவையில்லை என்பதை அது காட்டுகிறது, அது உண்மையும்கூட. அதற்கு மேல் எதையும் காட்டவில்லை.

---

குறுக்கெழுத்து | ஜூன் 9, காலை 6:58

அப்படியானால் என் கம்பைலருக்கு வருகிறேன். int என்ற குறியின் நிலையை உள்ளே மாற்றினால் அதன் முடிவுகளும் ஒழுங்காக மாறும், d4 மாதிரியே. ஒத்தெல்லோ வலைக்குக் கொஞ்சம் புரிகிறது என்பவர் கம்பைலருக்கும் கொஞ்சம் புரிகிறது என்று சொல்லியாக வேண்டுமே? வலை தானாகக் கற்றது, கம்பைலரை நான் எழுதினேன் என்பது மட்டும் வேறுபாடு. எப்படி வந்தது என்பது ஏன் முக்கியம்?

---

ஓலை | ஜூன் 9, காலை 8:20

ஃபோடர் வழியில் போனால் முக்கியம்: குறிக்கும் அது சுட்டுவதற்கும் இடையே உள்ள காரணத் தொடர்பு எங்கே ஓடுகிறது என்பது கேள்வி. கம்பைலரில் அது உங்கள் தலை வழியாக ஓடுகிறது. வலையில் ஆட்டங்கள் வழியாக ஓடுகிறது, ஆனால் அந்த ஆட்டங்களையும் யாரோ எழுதிய நிரல்தான் உருவாக்கியது. அமைப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை, கம்பைலருக்கும் ஒரு துளி கொடுத்துவிடுவார்கள். நான் கொடுக்க மாட்டேன். ஆனால் d4 சோதனையைப் போலக் கைவைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை சொல்லுங்கள் என்றால், இப்போதைக்கு என்னிடம் இல்லை.

---

பைட் | ஜூன் 9, காலை 8:41

நான் நடுவுலதான் உக்காந்திருக்கேன். கம்பைலருக்குத் துளி கொடுக்கலாம்னு தோணுது. வயித்துக்கும் கொடுக்கணுமா, அதை மட்டும் யாராவது சொல்லுங்க.